பாதி தெரிந்த கேள்வி: வைவாவில் எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது

வைவாவில் சுத்தமாகத் தெரியாத கேள்வி அவ்வளவு தொந்தரவு தராது. "தெரியவில்லை சார்" என்று சொன்னால் அடுத்ததற்குப் போய்விடுவார்கள். பாதி தெரிந்த கேள்விதான் ஆளைக் கவிழ்க்கும். தெரியாது என்று சொல்ல மனம் வராது, ஏனென்றால் கொஞ்சம் தெரியும். தெரியும் என்று தொடங்கினால் மூன்றாவது வாக்கியத்தில் தரை முடிந்துவிடும்.

நான் எம்.எஸ்ஸி. படித்தபோது இப்படித்தான் மாட்டினேன். நியூட்டன் வளையச் சோதனை. குவி லென்ஸைத் தட்டையான கண்ணாடித் தட்டின்மேல் வைத்தால், இரண்டுக்கும் நடுவில் மெல்லிய காற்றுப் படலம் இருக்கும். மேலிருந்து பார்த்தால் வட்ட வட்டமாக வளையங்கள் தெரியும், நடுப்புள்ளி இருட்டாக இருக்கும். "நடுவில் ஏன் இருட்டு?" என்று தேர்வாளர் கேட்டார். தெரிந்ததுதான். லென்ஸும் தட்டும் தொடும் இடத்தில் பாதை வேறுபாடு சுழி. ஆனால் காற்றிலிருந்து வந்து அடர்ந்த கண்ணாடியில் பட்டுத் திரும்பும் கதிருக்கு அரை அலைநீளம் கட்ட மாற்றம் வரும். அதனால் இரண்டு கதிர்களும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். சொன்னேன். தலையாட்டினார். அடுத்து கேட்டார்: "காற்றுக்குப் பதிலா ஒரு திரவம். அதோட ஒளிவிலகல் எண் லென்ஸுக்கும் தட்டுக்கும் நடுவுல இருக்கு. இப்போ?"

இதை நான் எங்கேயும் படித்திருக்கவில்லை. ஆனாலும் உடனே "அப்பவும் இருட்டுத்தான் சார், பாதை வேறுபாடு சுழிதானே" என்றேன். பதில் தப்பு, நடுப்புள்ளி பளிச்சென்று இருக்கும். அதைவிட, அரை நிமிடம் முன்னால் நானே சொன்ன காரணத்தை மறந்துவிட்டேன். கட்ட மாற்றம் எந்தப் பரப்பில் வருகிறது என்று திரும்பிப் பார்த்திருந்தால் போதும். திரவத்தின் எண் நடுவில் இருந்தால், இரண்டு பரப்புகளிலும் அந்த மாற்றம் வரும், அல்லது இரண்டிலுமே வராது. எப்படியானாலும் இரண்டு கதிரும் சமம், அழித்துக்கொள்ளக் காரணமே இல்லை. தேவையான சரக்கு எல்லாம் கையில் இருந்தது. பழக்கமான ஒரு சொல் காதில் விழுந்ததும் வாய் முந்திக்கொண்டது, அவ்வளவுதான். அதன்பிறகு அவர் அந்தத் திரவத்தை விட்டு நகரவே இல்லை. மூன்று கேள்விகள் அங்கேயே.

பிறகு பல வருடம் மேசையின் மறுபக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அங்கிருந்து பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகத் தெரியும். தேர்வாளர் பெரும்பாலும் வேண்டுமென்றேதான் உங்கள் அறிவு முடியும் இடம்வரை கூட்டிப் போகிறார். முதல் கேள்வி எளிது, இரண்டாவது அதன் காரணம், மூன்றாவது அந்தக் காரணம் எப்போது பொருந்தாது என்பது. நான்கில் ஒன்றாவது உங்களுக்குப் பாதி தெரிந்ததாக இருந்தே தீரும். அந்தக் கேள்வி வந்துவிட்டதாலேயே மதிப்பெண் குறைவதில்லை. அங்கே என்ன செய்கிறீர்கள் என்பதைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

முதல் வேலை: கேள்வியை முழுசாகக் கேட்பது

கேள்வி முடிவதற்கு முன்பே பதில் மனதில் ஓடத் தொடங்குகிறது என்றால், அது அநேகமாக வேறு கேள்விக்கான பதில். "திரவம்" என்று அவர் சொன்னபோது என் மனம் "நியூட்டன் வளையம், நடுவில் இருட்டு" என்ற மனப்பாடத்தில் இருந்தது. புதிய கேள்வியில் மாறியிருந்தது ஒரே சொல்தான். அந்த ஒரு சொல்லைத்தான் பிடிக்க வேண்டும்.

இதற்கு எளிய வழி, கேள்வியை உங்கள் சொல்லில் திருப்பிச் சொல்வது. "அதாவது காற்று இருந்த இடத்தில் திரவம். மற்றது எல்லாம் அப்படியே. நடுப்புள்ளி இருட்டா, வெளிச்சமா என்று கேட்கிறீர்கள், சரியா சார்?" இதில் இரண்டு லாபம். தப்பாகப் புரிந்திருந்தால் அவரே திருத்துவார். மாறியது எது என்பதும் உங்கள் வாயாலேயே வந்துவிடும். ஆனால் எல்லாக் கேள்விக்கும் இப்படிச் செய்தால் நேரம் கடத்துவதுபோல் தெரியும். "ஓம் விதி என்ன?" என்ற கேள்வியைத் திருப்பிச் சொன்னால் எதிரில் இருப்பவருக்கு எரிச்சல்தான் வரும். சிக்கலான கேள்விக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

யோசிக்க நேரம் கேட்பதிலும் தப்பில்லை. "கொஞ்சம் யோசித்துச் சொல்லட்டுமா?" என்று கேட்டுவிட்டு மௌனமாக இருக்கலாம். கேட்காமல் மௌனமாக இருந்தால்தான் அவர் மூளை நின்றுவிட்டதோ என்று நினைத்து அடுத்த கேள்விக்குத் தாவுவார். பத்து வினாடி மௌனம் உங்களுக்கு ஒரு யுகமாகத் தெரியும், அவருக்குத் தேநீரில் ஒரு வாய் குடிக்கும் நேரம்.

தலை நிஜமாகவே காலியாகிவிட்டால் பேனாவை எடுங்கள். படம் வரையுங்கள், சூத்திரத்தை எழுதுங்கள், அச்சுகளுக்குப் பெயர் போடுங்கள். கேள்வியோடு தொடர்புள்ள, உறுதியாகத் தெரிந்த எதுவானாலும் சரி. கை ஓடத் தொடங்கினால் பேச்சும் பின்னாலேயே வரும். காகிதம் இருந்தால் தேர்வாளரின் பார்வையும் உங்கள் முகத்தை விட்டுக் காகிதத்துக்குப் போய்விடும். பதற்றம் குறைய எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி இல்லை.

எந்த வகைப் "பாதி" என்று பார்ப்பது

பாதி தெரியும் என்பதில் பல வகை உண்டு. எந்தப் பாதி கையில் இல்லை என்பதைப் பொறுத்துப் பதிலின் அமைப்பே மாறும்.

பெயர் மட்டும் மறந்திருந்தால் அதற்காகத் திணற வேண்டாம். "பெயர் நினைவுக்கு வரவில்லை, ஆனால் இது செய்வது இதுதான்" என்று விளக்கிவிட்டுப் போகலாம். பெயரைத் தேடித் தவிக்கும் இருபது வினாடியில் தெரிந்த விஷயத்தையும் சொல்லாமல் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எண் மறந்திருந்தால் வரம்பு சொல்லலாம், ஆனால் அந்த வரம்பு எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காரணம் இல்லாத வரம்பு வெறும் ஊகம்தான்.

விளைவு தெரியும், காரணம் தெரியாது என்றால் அதையே வெளிப்படையாகப் பிரித்துச் சொல்லிவிடுங்கள். "வெப்பம் கூடினால் மின்தடை கூடுகிறது என்று அளந்தேன், ஏன் என்று அணு அளவில் விளக்க எனக்குத் தெரியாது." இது மோசமான பதில் இல்லை. அளந்ததும் விளக்குவதும் இரண்டு வேலைகள் என்பதாவது புரிந்திருக்கிறது.

படித்தது உண்டு, கேட்கும் நிலைமைக்கு அது பொருந்துமா என்றுதான் தெரியவில்லை. இதுதான் அடிக்கடி வரும் வகை. என் திரவக் கேள்வி இந்த வகை. சொல்ல நிறைய இருப்பதும் இதில்தான், அதனால் ஒன்றை முழுசாகப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு கேள்வியை முழுசாகப் பார்ப்போம்: தனி ஊசல், 20 டிகிரி

தனி ஊசல் சோதனை. நூலின் நீளம் 1 மீட்டர். மாணவி 20 அலைவுகளுக்கான நேரத்தை ஸ்டாப்வாட்சில் எடுத்து, அதிலிருந்து ஈர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட்டிருக்கிறாள். சூத்திரம் எல்லோருக்கும் தெரிந்தது:

```
T = 2π√(L/g)
```

தேர்வாளர் கேட்கிறார்: "கோணம் ஏன் சின்னதா இருக்கணும்?"

"மீள்விசை sin θ-வைப் பொறுத்தது சார். சின்னக் கோணத்தில் sin θ-வும் θ-வும் கிட்டத்தட்ட ஒன்று. அப்படி எடுத்தால்தான் இந்தச் சூத்திரம் வரும்."

"சரி. 20 டிகிரி இழுத்து விட்டா அலைவு நேரம் என்ன ஆகும்? எவ்வளவு மாறும்?"

இங்கேதான் தரை முடிகிறது. பெரிய கோணத்துக்கான திருத்தம் அவளுக்குத் தெரியாது. பாடத்தில் "சிறிய கோணம்" என்று ஒரு வரி போட்டு விட்டுவிட்டார்கள்.

மோசமான பதில்கள் மூன்று. "கொஞ்சம் மாறும் சார்" என்பது ஒன்று, அதில் எதுவும் இல்லை, உடனே "எந்தப் பக்கம்?" என்று வரும். "5 சதவீதம் மாறும்" என்று வாயில் வந்த எண்ணைச் சொல்வது இன்னொன்று, "எப்படி வந்தது?" என்ற ஒரு கேள்வியில் உதிர்ந்துவிடும். மூன்றாவது, "அது சிலபஸில் இல்லை சார்." உண்மையாகவே இருக்கலாம். ஆனால் இதைச் சொன்னபிறகு அந்த அறையின் சூடே மாறிவிடும்.

அவள் சொல்ல வேண்டியது இப்படி இருக்கலாம்:

"20 டிகிரிக்கான சரியான சூத்திரம் எனக்குத் தெரியாது சார். ஆனால் எந்தப் பக்கம் மாறும் என்று சொல்ல முடியும். எவ்வளவுக்குள் இருக்கும் என்றும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்."

இந்த இரண்டு வாக்கியத்தில் எல்லை போட்டாயிற்று. தெரியாதது எது, தெரிந்ததிலிருந்து எவ்வளவு தூரம் போகப் போகிறேன் என்று இரண்டும் சொல்லியாயிற்று. இனி அவள் சொல்வது தப்பாகிப்போனாலும் அது ஏமாற்றும் முயற்சியாகத் தெரியாது.

முதலில் திசை. எந்தக் கோணத்துக்கும் sin θ, θ-வை விடக் குறைவு. அப்படியானால் உண்மையான மீள்விசை, சூத்திரம் நினைத்துக்கொண்ட விசையைவிடக் குறைவு. இழுவை குறைந்தால் குண்டு மெதுவாகத் திரும்பும். ஆகவே அலைவு நேரம் கூடும். புதிதாக எதுவும் தேவைப்படவில்லை. முதல் கேள்விக்கு அவள் சொன்ன பதிலிலிருந்தே இது வந்துவிட்டது.

அடுத்து எவ்வளவு. sin 20 யாருக்கும் மனப்பாடம் இருக்காது. ஆனால் sin 30 அரை என்பது எல்லோருக்கும் தெரியும். 30 டிகிரி ரேடியனில் π/6, அதாவது 0.524. 0.5-ஐ 0.524-ஆல் வகுத்தால் சுமார் 0.955. ஆக 30 டிகிரியில் விசை 4.5 சதவீதம் குறைவு. அலைவு நேரம் விசை மாறிலியின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதம் என்பதால், வழி முழுக்க 4.5 சதவீதம் குறைவாக இருந்தாலும் நேரம் அதில் பாதி, 2.3 சதவீதம்தான் கூடும். 20 டிகிரி என்றால் அதற்குள்தான் இருக்க வேண்டும்.

"2.3 சதவீதத்துக்குக் குறைவாகக் கூடும் சார்."

"இன்னும் நெருக்கமா சொல்ல முடியுமா?"

இந்தக் கேள்வி வந்தால் சந்தோஷப்படலாம். அவர் இப்போது உங்களோடு சேர்ந்து நடக்கிறார். குறைவு கோணத்தின் வர்க்கத்தைப் பொறுத்து வளர்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தால் (sin θ-வின் தொடரில் அடுத்த உறுப்பு θ³/6) மேலும் ஒரு படி போகலாம். 20-ஐ 30-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 4/9. 4.5 சதவீதத்தில் 4/9 என்றால் 2 சதவீதம். அதில் பாதி 1 சதவீதம். இதுவும் மேல்வரம்புதான், ஏனென்றால் குண்டு வழி முழுக்க 20 டிகிரியில் இருப்பதில்லை. நடுவில் வரும்போது குறைவு மறைந்துவிடுகிறது.

"1 சதவீதத்துக்குள் சார். அதைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கும், ஏனென்றால் ஓரத்தில் மட்டும்தான் முழுக் குறைவு. எவ்வளவு குறைவு என்று எனக்குச் சொல்லத் தெரியாது."

இங்கே அவள் நிறுத்த வேண்டும். திருத்தத்தின் முதல் உறுப்பு θ²/16. 20 டிகிரிக்குப் போட்டால் 0.76 சதவீதம். அந்த 16 எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. தெரியாமலேயே சரியான திசையையும், சரியான அளவின் பக்கத்தையும் தொட்டுவிட்டாள். நான் தேர்வாளராக இருந்தால் θ²/16 என்று மனப்பாடமாகச் சொன்னவருக்குக் கொடுப்பதைவிட இவளுக்குக் கொஞ்சம் கூடவே போடுவேன். மனப்பாடமாகச் சொன்னவரிடம் "நேரம் ஏன் கூடுகிறது?" என்று கேட்டால் பல நேரம் பதில் வருவதில்லை.

இன்னொரு கேள்வி வரலாம்: "இது உங்க ஸ்டாப்வாட்சில் தெரியுமா?" 1 மீட்டர் ஊசலுக்கு அலைவு நேரம் சுமார் 2 வினாடி. 20 அலைவுக்கு 40 வினாடி. அதில் 1 சதவீதம் 0.4 வினாடி. பொத்தானை அமுக்குவதில் கையின் தாமதமே 0.2 வினாடி வரும். "ஒரே ஒரு அளவீட்டில் பார்த்துவிடுவது கஷ்டம் சார், பலமுறை எடுத்தால் தெரியலாம். அதோடு ஆட ஆட வீச்சும் குறைந்துகொண்டே வரும், அதனால் இந்த வித்தியாசம் இன்னும் குறையும்." பாதி தெரிந்த கேள்வி என்று தொடங்கியது, அவள் தன் சோதனையைப் பற்றிப் பேசுவதாக முடிந்துவிட்டது.

உறுதிக்கும் ஊகத்துக்கும் ஒரே குரல் வேண்டாம்

சில மாணவர்கள் எல்லா வாக்கியத்தையும் "என்று நினைக்கிறேன் சார்" என்று முடிப்பார்கள். பணிவு என்று நினைத்துச் செய்வதுதான். ஆனால் "ஒளி நேர்கோட்டில் செல்லும் என்று நினைக்கிறேன் சார்" என்று கேட்டால் எதிரில் இருப்பவர் என்ன எடுத்துக்கொள்வது? உறுதியாகத் தெரிந்ததும் தள்ளாடுகிறது, உண்மையான ஊகம் வரும்போது அதைக் காட்டச் சொல்லும் மிச்சமில்லை.

எனவே உறுதியானதை அப்படியே சொல்லுங்கள்: "நேரம் கூடும்." கணக்குப் போட்டு வந்ததை அப்படிக் குறிப்பிடுங்கள்: "இந்தக் கணக்கின்படி 1 சதவீதத்துக்குள்." ஊகத்தை ஊகம் என்றே சொல்லுங்கள்: "இது ஊகம்தான் சார், காற்றுத் தடையும் ஒரு காரணமாக இருக்கலாம்." கேட்பவர் எதை நம்புவது, எதைத் தோண்டுவது என்று அவராகவே பிரித்துக்கொள்வார்.

மன்னிப்பும் ஒருமுறைக்குமேல் வேண்டாம். "சாரி சார், இதைப் படித்தேன், ஆனால் நேற்று ராத்திரி..." என்று போகும் பேச்சில் பாடம் எதுவும் இல்லை. "தெரியாது" என்று சொன்ன பிறகு அதற்கு விளக்கம் தேவையில்லை.

வரிசையையும் கவனியுங்கள். தெரியாததைப் பதிலின் கடைசியில் மெதுவாக நுழைத்தால், மாட்டிக்கொண்ட பிறகு ஒப்புக்கொண்டதுபோல் இருக்கும். அதேசமயம் "தெரியாது" என்று மட்டும் சொல்லி வாயை மூடிக்கொண்டால், தெரிந்த பாதியும் வீணாகிவிடும். தெரியாதது எது என்று ஒரு வாக்கியம், உடனே "ஆனால்" என்று தெரிந்ததற்கு வந்துவிடுங்கள்.

அவர் மறுத்தால்

"அப்படியா? நிச்சயமாவா?" என்று தேர்வாளர் புருவத்தை உயர்த்தினால் பாதிப் பேர் அடுத்த வினாடியே கட்சி மாறிவிடுவார்கள். "இல்லை சார், நேரம் குறையும் சார்." அந்தக் கேள்வி பல நேரம் சோதனைதான். பதில் சரியா என்று அவர் கேட்கவில்லை, எதை நம்பிச் சொன்னீர்கள் என்று கேட்கிறார். பதிலை விட்டுவிட்டுக் காரணத்துக்குப் போங்கள். "sin θ, θ-வை விடக் குறைவு, அதனால் விசை குறைவு. இந்த இரண்டில் தப்பு இருந்தால்தான் பதில் மாறும் சார்." காரணம் நிற்கிறது என்றால் பதிலும் நிற்கும். நடுவில் ஓட்டை தெரிந்தால், எந்த இடத்தில் தெரிந்தது என்று சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள்.

சில சமயம் அவர் உண்மையிலேயே உதவுவார். "மேலே போனா விசை எப்படி மாறும்னு யோசிங்க" என்பது குறிப்பு, கண்டிப்பு இல்லை. பதற்றத்தில் இருப்பவருக்கு இரண்டும் ஒன்றாகக் கேட்கும். கேள்வியில் புதிதாக ஒரு சொல் சேர்ந்திருந்தால் அது கைகொடுக்கத்தான் என்று எடுத்துக்கொண்டு அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஆய்வேட்டு வைவா கொஞ்சம் வேறு

இங்கே கேள்வி பாடத்தைப் பற்றியதாக இருக்காது, நீங்கள் செய்ததைப் பற்றியதாக இருக்கும். பாதி தெரியும் என்பதற்கு இங்கே பெரும்பாலும் ஒரே அர்த்தம்தான்: செய்தேன், ஏன் அப்படிச் செய்தேன் என்று யோசிக்கவில்லை.

ஒரு உதாரணம். 300 அளவீடுகளில் சராசரியிலிருந்து மூன்று திட்ட விலக்கத்துக்கு அப்பால் போனவற்றை நீக்கியிருக்கிறீர்கள். 4 அளவீடுகள் போயின. "ஏன் மூன்று? ஏன் இரண்டரை இல்லை?"

உண்மை என்னவென்றால், முன்னால் ஆய்வு செய்தவர்கள் மூன்று போட்டார்கள், நீங்களும் போட்டீர்கள். இதை மறைத்து ஒரு தத்துவம் கட்டினால் இரண்டாவது கேள்வியில் இடிந்துவிடும். சொல்லிவிடுவதே நல்லது: "வழக்கத்தைப் பின்பற்றினேன் சார், வேறு எல்லை வைத்துச் சோதிக்கவில்லை." இதோடு நிறுத்தினால் ஒப்புதல் மட்டும்தான். இதன் விளைவு உங்கள் முடிவை எங்கே தொடுகிறது என்றும் சேர்க்க வேண்டும்.

"தரவு இயல்நிலைப் பரவலாக இருந்தால் 1000-க்கு 3 அளவீடுதான் அந்த எல்லைக்கு வெளியே போகும். 300-க்கு ஒன்று எதிர்பார்க்கலாம். எனக்கு 4 போயிருக்கிறது. ஒன்று பரவலின் வால் பருமனாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அளவீட்டில் பிழை. எது என்று இப்போது என்னால் பிரிக்க முடியாது. அந்த 4-ஐயும் சேர்த்து மறுபடி கணக்கிட்டு முடிவு மாறுகிறதா என்று பார்க்க வேண்டும்."

இதைக் கேட்டவர் பெரும்பாலும் அதையே திருத்தமாக எழுதிக்கொடுத்து விடுவார். நீங்களே சொன்ன திருத்தம்தானே, அதைச் செய்வது சுலபம். மூடி மறைத்து அவர் தோண்டி எடுத்த திருத்தம் அப்படி இருக்காது.

"இந்தக் கட்டுரையைப் படித்திருக்கிறீர்களா?" என்ற கேள்விக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. சுருக்கத்தை மட்டும் படித்திருந்தால் சுருக்கத்தை மட்டும் படித்தேன் என்று சொல்லுங்கள். கேட்பவரே அதை எழுதியவராக இருப்பது அபூர்வம் இல்லை.

ஊகமே கூடாத இடம்

மேலே சொன்ன "தெரிந்ததிலிருந்து ஒரு படி நடந்து பார்" என்ற முறை எல்லா வைவாவுக்கும் பொருந்தாது. மருத்துவ வைவாவில் ஒரு மருந்தின் அளவு பாதி ஞாபகம் இருக்கிறது என்றால், வரம்பு போட்டு யோசித்துச் சொல்வது ஆபத்தான பழக்கத்தைக் காட்டும். அங்கே சரியான பதில், "எந்த மருந்து, எதற்கு, எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரியும். அளவைக் கையேட்டில் பார்த்துத்தான் கொடுப்பேன்." தேர்வாளர் கேட்க விரும்புவதும் அதைத்தான். மின்சார அறையில் எந்த இணைப்பை முதலில் துண்டிப்பது, ஆய்வகத்தில் எந்த அமிலத்தை எதில் ஊற்றுவது போன்ற கேள்விகளும் இதே சாதி. பதில் தப்பானால் நிஜத்தில் ஒருவருக்குக் காயம் படும் என்றால், ஊகத்தைப் பேச்சிலும் வைக்க வேண்டாம்.

முந்தின நாள் செய்யக்கூடியது

புதிதாகப் படிப்பதைவிட, உங்கள் எல்லைகளைத் தேடிப் பாருங்கள். ரெக்கார்டு நோட்டையோ ஆய்வேட்டையோ திறந்து, அதில் வரும் ஒவ்வொரு எண்ணுக்கும் நிபந்தனைக்கும் "ஏன்?" என்று இரண்டுமுறை கேளுங்கள். "சிறிய கோணம்." ஏன்? sin θ. சரி, பெரிதானால் ஏன் மாறுகிறது, எந்தப் பக்கம்? இரண்டாவது "ஏன்"-இல் தடுக்கினால் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. ஒரு சோதனைக்கு ஐந்தாறு புள்ளி விழும். அவற்றுக்கெல்லாம் பதில் தேட நேரம் இருக்காது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் "இதுவரை தெரியும், இதற்குமேல் தெரியாது" என்று ஒரு வாக்கியம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மறுநாள் அந்தக் கேள்வி வந்தால் எல்லை எங்கே என்று தேட வேண்டியிருக்காது. ஒரு நண்பரைக் கேட்கச் சொன்னால் இன்னும் நல்லது, முக்கியமாக உங்கள் பாடம் தெரியாத நண்பர். அவருக்கு எது எளிய கேள்வி, எது கஷ்டமான கேள்வி என்று தெரியாது. அதனால் அவர் கேட்கும் "ஏன்" எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று ஊகிக்க முடியாது.

தப்பாகச் சொல்லிவிட்டது பிறகு தெரிந்தால்

இது நடக்கும். மூன்று கேள்வி கழித்து, வேறு எதையோ விளக்கிக்கொண்டிருக்கும்போது, முன்னால் சொன்னதில் குறி மாறிப்போனது பளிச்சென்று தெரியும். அந்த நேரத்தில் இருக்கும் பதிலை முடித்துவிட்டு, "சார், முன்னால் நேரம் குறையும் என்றேன், அது தப்பு. sin θ சிறியது என்பதால் கூடும்" என்று இரண்டு வாக்கியத்தில் திருத்துங்கள். என்ன சொன்னேன், எது சரி, ஏன். அதற்குமேல் நீட்ட வேண்டாம். நான் ஒருமுறை ஒரு பையனை "போகலாம்" என்று அனுப்பியபிறகு, அவன் கதவைத் திறந்து, நின்று, திரும்பி வந்து ஒரு அலகைத் திருத்திவிட்டுப் போனான். மதிப்பெண் தாளை அதுவரை நான் மூடவில்லை.